ஏழு மணிக்கு நாலு இட்லி, ஒன்பதரைக்குப் பசி

"எனக்கு 24 வயசு. உயரம் 155 செ.மீ., எடை 52 கிலோ. நான் பட்டினி கிடக்கிற பொண்ணு இல்ல. மூணு வேளையும் வயிறு நிறையத்தான் சாப்பிடறேன். ஆனா கை கழுவுன ஈரம் காயறதுக்குள்ள திரும்பக் கபகபன்னு பசிக்குது. காலைல ஏழு மணிக்கு நாலு இட்லி சாப்பிட்டுட்டுக் கம்பெனி வேன் ஏறுறேன். ஒன்பதரைக்கெல்லாம் மெஷின் முன்னாடி உக்காந்திருக்கும்போதே வயிறு கவ்வ ஆரம்பிச்சிடுது. பத்தரைக்கு டீயும் பிஸ்கெட்டும். மதியம் டிபன் பாக்ஸ் நிறையச் சோறு. நாலு மணிக்கு மறுபடி பசி. பக்கத்து சீட்டு அக்கா, சுகரா இருக்கும்கிறாங்க. அம்மா, வயித்துல பூச்சின்றாங்க. எனக்கு என்ன மேடம்?"

ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், வேலூர் மாவட்டத்தில் இருக்கிறது ஒடுகத்தூர். வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்குப் பெயர்போன ஊர். அங்கிருந்து மாதனூர் வழியாக ஆம்பூர் போனால் தோல், காலணித் தொழிற்சாலைகள். காலையில் சுற்றுவட்டார ஊர்களின் இளம்பெண்களை வேன்கள் ஏற்றிக்கொண்டு போவது இந்தப் பக்கத்தில் அன்றாடக் காட்சி. மேலே உள்ள கடிதத்தைத் தனியொரு பெண் எழுதவில்லை. உணவியலாளர்களிடம் வேலைக்குப் போகும் பெண்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் ஒரே கேள்வி, இந்த ஊரின் சாப்பாட்டுத் தட்டையும் வேலை நேரத்தையும் வைத்து இங்கே ஒரு கடிதமாகத் தொகுக்கப்பட்டிருக்கிறது. பதிலும் அப்படியே, ஓர் உணவியலாளர் உட்கார்ந்து கணக்குப் போட்டால் எப்படிப் போடுவாரோ அப்படி.

அவர் முதலில் கவனிப்பது "வயிறு நிறைய" என்ற சொல்லை. வயிறு நிறைவதும் பசி அடங்கியிருப்பதும் ஒன்றுதான் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உடம்பில் இவை இரண்டு தனி வேலைகள். நடக்கும் நேரமும் வேறு.

இரைப்பை ஒரு சுருங்கி விரியும் பை. சாப்பாடு உள்ளே போகப் போக அதன் சுவர் இழுபடுகிறது. அந்த இழுவையைச் சுவரில் உள்ள நரம்பு முனைகள் உணர்ந்து, வேகஸ் நரம்பு வழியாக மூளைக்குச் சொல்கின்றன. "போதும், இன்னொரு கரண்டி வேண்டாம்" என்று கையை நிறுத்துவது பெரும்பாலும் இந்தச் செய்திதான். அதற்கு உள்ளே போனது இட்லியா இறைச்சியா என்ற கவலை அதிகம் கிடையாது, பருமன்தான் கணக்கு. ஒரு சொம்பு தண்ணீர் குடித்தாலும் கொஞ்ச நேரம் பசி தெரியாமல் இருப்பது இதனால்தான். ஆனால் இரைப்பை காலியாகத் தொடங்கியதும் இந்தச் செய்தி மங்கிவிடுகிறது.

அடுத்த வேளை வரை பசியைத் தள்ளிவைக்கும் வேலை சிறுகுடலுடையது. புரதமும் கொழுப்பும் குடலுக்குள் இறங்கும்போது அதன் சுவரிலுள்ள செல்கள் சில ஹார்மோன்களைச் சுரக்கின்றன. அவற்றில் மூத்தது கோலிசிஸ்டோகைனின். அதை ஊசியில் ஏற்றினால் எலிகள் சீக்கிரமே சாப்பிடுவதை நிறுத்திவிடுகின்றன என்று 1973-இல் அமெரிக்காவில் கிப்ஸ், யங், ஸ்மித் என்ற மூவர் காட்டினார்கள். இந்த ஹார்மோன்கள் இரைப்பையின் வாயிலையும் கொஞ்சம் இறுக்கி, உணவு மெதுவாக இறங்கும்படி செய்கின்றன. ஆக, ஒரு சாப்பாடு எத்தனை மணி நேரம் தாங்கும் என்பது தட்டில் எவ்வளவு இருந்தது என்பதைப் போலவே, தட்டில் என்ன இருந்தது என்பதையும் பொறுத்தது. நம் வீடுகளில் "கெட்டிச் சாப்பாடு" என்று சொல்வார்களே, அதற்குப் பின்னால் இருக்கும் உடலியல் இதுதான்.

இனி அந்தப் பெண்ணின் தட்டு.

உணவியலாளர் மேலும் கேட்டு வாங்கிய விவரம் இது. காலையில் நாலு இட்லி, தக்காளிச் சட்னி. பத்தரைக்குச் சர்க்கரை போட்ட டீ, நாலு பிஸ்கெட். மதியம் சுமார் 400 கிராம் சோறு, நீர்த்த சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல். மாலை டீயும் ஒரு பன்னும். இரவு மூன்று தோசை, சட்னி. இதையெல்லாம் கூட்டினால் ஏறக்குறைய 1,750 கலோரி வருகிறது. உட்கார்ந்து தைக்கும் வேலை செய்யும் 52 கிலோ பெண்ணுக்கு இது குறைவில்லை. எடை ஒரு வருடமாக அப்படியே நிற்பதும் அதைத்தான் சொல்கிறது. அதனால் "நீ சரியாகச் சாப்பிடுவதில்லை" என்று யாராவது அவரைக் கடிந்துகொண்டால் அது நியாயமில்லை.

புரதத்தைத் தனியாகக் கூட்டினால் படம் மாறுகிறது. நாலு இட்லியில் 8 கிராம். சோற்றில் 10. மூன்று தோசையில் 9. பன்னில் 4. சாம்பாரில் 3 இருந்தால் பெரிது. டீ, பிஸ்கெட், வறுவல், சட்னி எல்லாம் சேர்த்து இன்னும் ஆறேழு. மொத்தம் 40 கிராமுக்குச் சற்று மேலே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட பரிந்துரை, நல்ல தரமான புரதமாக இருந்தால் உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் போதும் என்கிறது. அரிசி கோதுமையை நம்பியிருக்கும் சாப்பாட்டுக்கு ஒரு கிராம் தேவை. தானியப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு என்பதே அந்தக் கூடுதலுக்குக் காரணம். அந்தக் கணக்கில் இவருக்கு 52 கிராம் வேண்டும்; பத்துப் பன்னிரண்டு கிராம் துண்டு விழுகிறது.

கேட்பதற்குச் சின்ன எண்ணாகத்தான் இருக்கிறது. அதை வேறு விதமாகப் பார்க்கலாம்: அவர் ஒரு நாளில் சாப்பிடும் கலோரியில் புரதத்திலிருந்து வருவது வெறும் 9 விழுக்காடு. மீதியில் பெரும்பகுதி மாவுச்சத்து. இந்த 9 விழுக்காட்டை மனதில் வைத்துக்கொண்டு சிட்னிக்கு ஒரு நடை போய்வரலாம்.

ஸ்டீபன் சிம்ப்சன், டேவிட் ராபன்ஹைமர் என்ற இரண்டு உயிரியலாளர்கள் முதலில் ஆராய்ந்தது மனிதர்களை அல்ல, வெட்டுக்கிளிகளை. புரதம் குறைந்த தீனியைக் கொடுத்தால் வெட்டுக்கிளிகள் கூடுதலாகத் தின்றன. தங்களுக்கு வேண்டிய புரதம் கிடைக்கும்வரை, மாவுச்சத்து அளவுக்கு மீறிச் சேர்ந்தாலும் பரவாயில்லை என்று தின்றுகொண்டே இருந்தன. மனிதர்களும் இப்படித்தானோ என்று 2005-இல் இருவரும் ஒரு கருதுகோளை முன்வைத்தார்கள். உடம்புக்குப் புரதத்துக்கென்று ஒரு தனிப் பசி இருக்கிறது. அது நிறையாதவரை மொத்தப் பசியும் அடங்குவதில்லை என்பது அதன் சாரம்.

2011-இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் அலிசன் காஸ்பி குழுவினர் அதைச் சோதித்தார்கள். ஒல்லியான உடல்வாகு கொண்ட 22 பேர். ஒவ்வொருவரும் நான்கு நாள் வீதம் மூன்று முறை வந்து தங்கினார்கள். முறைக்கு ஒரு வகைச் சாப்பாடு: புரதம் 10 விழுக்காடு, 15, 25. உணவுகள் பார்க்கவும் ருசிக்கவும் ஒரே மாதிரி இருக்கும்படி தயாரிக்கப்பட்டதால் எது எந்த வகை என்று சாப்பிட்டவர்களுக்குத் தெரியாது. 15-லிருந்து 10-க்கு இறக்கியபோது அவர்கள் 12 விழுக்காடு கூடுதல் கலோரி சாப்பிட்டார்கள். அந்தக் கூடுதலில் பெரும்பங்கு வேளைச் சாப்பாட்டில் வரவில்லை. இடைவேளைத் தீனியில், அதிலும் உப்புக்காரச் சுவை உள்ளவற்றில் வந்தது. இன்னொன்றையும் கவனித்தார்கள். 10 விழுக்காட்டுக் காலை உணவுக்குப் பிறகு, முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் இடையில் பசி வேகமாக ஏறியது. 25 விழுக்காட்டில் அப்படி ஏறவில்லை.

ஒன்பதரைக்குக் கவ்வும் வயிறும் நாலு மணிப் பன்னும் இங்கே கொஞ்சம் விளங்குகின்றன. கொஞ்சம்தான். 22 பேர், நான்கு நாள் என்பது சிறிய சோதனை. 15-லிருந்து 25-க்கு ஏற்றியபோது அவர்கள் சாப்பிட்ட அளவு குறையவும் இல்லை. புரதத்தை அள்ளி அள்ளிப் போட்டால் பசியே வராது என்று புரதப்பொடி விளம்பரம் சொல்வதற்கு இந்த ஆய்வு துணை நிற்காது. குறைவாக இருக்கும் இடத்தில் குறையை நிரப்பினால் பலன் தெரியும் என்ற அளவுக்குத்தான் அது பேசுகிறது.

இந்தத் தட்டு ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டால், அந்தப் பெண்ணையோ அவர் அம்மாவையோ குறை சொல்லி முடித்துவிட முடியாது. ரேஷன் கடையையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் அரிசி அட்டை வைத்திருக்கும் நாலு பேர் குடும்பத்துக்கு மாதம் 20 கிலோ வரை அரிசி இலவசமாகக் கிடைக்கிறது. துவரம்பருப்பு, அட்டைக்கு ஒரு கிலோ, 30 ரூபாய். இரண்டையும் ஆளுக்கு, நாளுக்கு என்று வகுத்துப் பாருங்கள்: அரிசி 167 கிராம், பருப்பு 8 கிராம். எட்டு கிராம் பருப்பில் இருப்பது இரண்டு கிராமுக்கும் குறைவான புரதம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 2,000 கலோரி சாப்பாட்டுக்குப் பருப்பு, பயறு வகை 85 கிராம் என்று இருக்கிறது. சாம்பார் நீர்த்துப்போவதற்குச் சமையல் கைப்பக்குவம் காரணமில்லை. இலவச அரிசி பட்டினியை ஒழித்தது, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் வீட்டில் எது தாராளமோ அதுதான் தட்டிலும் தாராளம்.

பசிக்கான இரண்டாவது காரணம் நேரத்தில் ஒளிந்திருக்கிறது. ஏழு மணிக்குச் சாப்பிட்டு ஒன்பதரைக்குப் பசி என்றால் இடையில் இரண்டரை மணி நேரம். இட்லி நன்றாக அரைத்து, புளித்து, ஆவியில் வெந்த பண்டம். குழந்தைக்கும் நோயாளிக்கும் கொடுக்கிற அளவுக்கு எளிதில் செரிப்பது அதன் பெருமை. அதே குணத்தால் அதன் மாவுச்சத்து விரைவாகக் குளுக்கோஸாகி ரத்தத்தில் ஏறும். சர்க்கரை ஏறியதும் இன்சுலின் சுரந்து அதை இறக்கும். சிலருக்கு இந்த இறக்கம், சாப்பிடுவதற்கு முன்பிருந்த மட்டத்தையும் தாண்டிக் கீழே போகிறது.

இதை அளந்தவர்கள் உண்டு. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 1,070 பேருக்குத் தோலில் சர்க்கரைமானி ஒட்டி, அவர்களுடைய 8,000-க்கும் மேற்பட்ட காலை உணவுகளைப் பின்தொடர்ந்த 'பிரெடிக்ட்' ஆய்வின் முடிவுகள் 2021-இல் வந்தன. சாப்பிட்ட இரண்டு மணியிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் யாருக்குச் சர்க்கரை அதிகம் சரிந்ததோ, அவர்கள் கூடுதலாகப் பசித்தார்கள். அடுத்த சாப்பாட்டுக்குச் சராசரியாக அரைமணி நேரம் முந்திக்கொண்டார்கள். அன்றைய நாள் முழுவதும் சேர்த்துச் சுமார் 300 கலோரி அதிகம் சாப்பிட்டார்கள். ஒரே காலை உணவை ஒரே அளவில் சாப்பிட்ட இருவருக்குச் சரிவு வேறு வேறாக இருந்தது என்பது இந்த ஆய்வின் சுவாரசியமான பகுதி. "என் தங்கச்சியும் அதே இட்லிதானே சாப்பிடுது, அவளுக்குப் பசிக்கலையே" என்று கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. இருக்கலாம்; பொய்யில்லை.

இங்கே இட்லியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடக் கூடாது. 1995-இல் சிட்னியிலேயே சூசன்னா ஹோல்ட் என்பவர் 38 உணவுகளை, ஒவ்வொன்றிலும் 240 கலோரி வரும்படி அளந்து கொடுத்து, இரண்டு மணி நேரம் கால் மணிக்கு ஒருமுறை பசியைக் கேட்டுக் குறித்தார். வெள்ளை ரொட்டிக்கு 100 என்று வைத்துக்கொண்டால், வெறும் அவித்த உருளைக்கிழங்கு 323 பெற்று முதலிடத்தில் நின்றது. வெள்ளைச் சோறு 138. அவித்த பயறு 133, அதாவது சோற்றுக்கும் கீழே! புரதப் பக்தர்கள் இந்த எண்ணைப் பெரும்பாலும் சொல்வதில்லை. அந்தச் சோதனை இரண்டு மணி நேரத்தோடு நின்றுவிட்டது, நம் கடிதத்தின் பசியோ அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது என்பது ஒன்று. அவித்த உருளைக்கிழங்கு ஜெயித்ததற்கு அதன் பருமனும் காரணம் என்பது இன்னொன்று: 240 கலோரிக்கு அது தட்டு நிறைய வரும். எண்ணெயில் வறுத்தால் அதே கலோரி கைக்குள் அடங்கிவிடும். எனவே ஓர் உணவு நல்லது, ஓர் உணவு கெட்டது என்று பட்டியல் போடுவதைவிட எதோடு எதைச் சேர்க்கிறோம் என்று பார்ப்பதே பயனுள்ளது.

மூன்றாவதாகத் தூக்கம். கடிதக்காரர் பதினோரு மணிக்குப் படுத்து நாலரைக்கு எழுகிறார். தண்ணீர் பிடிக்க வேண்டும், அம்மாவுக்கு ஒத்தாசை செய்ய வேண்டும். ஐந்தரை மணி நேரத் தூக்கம். 2004-இல் சிகாகோவில் 12 இளைஞர்களை இரண்டு இரவு நாலு மணி நேரமும், வேறு இரண்டு இரவு பத்து மணி நேரமும் படுக்கவைத்துப் பார்த்தார்கள். குறைவாகத் தூங்கியபோது பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் 28 விழுக்காடு ஏறியது. அடக்கும் லெப்டின் 18 விழுக்காடு இறங்கியது. இனிப்பும் மாவுப் பண்டமும் தின்னும் ஆசை கூடியது. கிரெலினுக்கு இன்னொரு குணமும் உண்டு: வழக்கமாகச் சாப்பிடும் நேரம் நெருங்கும்போது அது தானாகவே ஏறத் தொடங்கும். தினமும் பத்தரைக்குப் பிஸ்கெட் கொடுத்துப் பழக்கினால், பத்து மணிக்கே உடம்பு பிஸ்கெட்டை எதிர்பார்க்கக் கற்றுக்கொள்கிறது.

அம்மா சொன்ன "பூச்சி"க்கு வருவோம். இந்தப் பகுதியில் அது வெறும் பாட்டி வைத்தியப் பேச்சு அல்ல. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் ஜவ்வாது மலையின் 22 கிராமங்களில் மலப் பரிசோதனை செய்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய 39 விழுக்காட்டினருக்குக் குடற்புழு இருந்தது. அதில் கிட்டத்தட்ட எல்லாமே கொக்கிப்புழு. பின்னாளில், குழந்தைகளுக்கு மட்டும் மாத்திரை கொடுப்பதா, ஊரில் எல்லா வயதினருக்கும் கொடுப்பதா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் 'டிவார்ம்3' என்ற பன்னாட்டு ஆய்வுக்கு இந்தியாவில் தேர்ந்தெடுக்கப்பட்ட இடங்கள் திமிரியும் ஜவ்வாது மலையும்தான்.

ஆனால் "பூச்சி எல்லாத்தையும் தின்னுடுது, அதனால பசிக்குது" என்ற விளக்கம் பொருந்தவில்லை. கொக்கிப்புழு நாம் சாப்பிட்ட சோற்றைத் தின்பதில்லை. வெறுங்காலோடு நடக்கும்போது மண்ணிலிருந்து தோல் வழியாக ஏறி, சுற்றிச் சுற்றிக் கடைசியில் சிறுகுடல் சுவரைக் கவ்விக்கொண்டு ரத்தம் உறிஞ்சுகிறது. ஒரு புழு உறிஞ்சுவது துளிக்கும் குறைவு. நூற்றுக்கணக்கில் சேர்ந்து மாதக்கணக்கில் உறிஞ்சினால் இரும்புச்சத்து கரைந்து ரத்தசோகை வரும். களைப்பு, மூச்சிரைப்பு, சிலருக்கு மண், சாம்பல், பச்சரிசி தின்னும் ஆசை எல்லாம் அதன் அடையாளங்கள். பசி பெரும்பாலும் குறையத்தான் செய்யும். கென்யாவில் பள்ளிக் குழந்தைகளுக்குப் புழு மாத்திரை கொடுத்த பிறகு அவர்கள் முன்பைவிட நன்றாகச் சாப்பிட்டார்கள் என்று 1990-களில் ஆய்வு வந்தது. அம்மாவின் கோட்பாடு சரியாக இருந்திருந்தால் எதிர்மாறாக அல்லவா நடந்திருக்க வேண்டும்?

இருந்தாலும் உணவியலாளர் அம்மாவின் பேச்சைத் தள்ளிவிடவில்லை. களைப்பையே பசி என்று எடுத்துக்கொண்டு டீயும் இனிப்பும் தேடுகிறவர்கள் உண்டு. எனவே ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்கிறார். அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் மாத்திரை, தேசிய குடற்புழு நீக்க நாள் முகாம்களில் தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயதுப் பெண்களுக்கும் இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் இதில் சேர மாட்டார்கள். அதை வாங்கிச் சாப்பிட்டதுண்டா என்றும் கேட்கிறார்.

பக்கத்து சீட்டு அக்கா சொன்ன சுகர் விஷயம் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியது. சர்க்கரை நோயில் ரத்தத்தில் குளுக்கோஸ் நிறைந்திருக்கும், செல்களுக்குள் போகாது. மிச்சம் சிறுநீரில் வெளியேறும். உடம்பு பட்டினியில் இருப்பதாகவே நினைத்துப் பசியை முடுக்கும். அப்போது பசி தனியாக வராது: அடங்காத தாகம், இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுவது, நன்றாகச் சாப்பிட்டும் எடை இறங்குவது ஆகியவை கூடவே வரும். தைராய்டு அளவுக்கு மீறிச் சுரந்தாலும் பசி கூடி எடை குறையும். கை நடுக்கம், படபடப்பு, வியர்வை சேர்ந்துகொள்ளும். ஆகவே கேள்விகளில் மிக முக்கியமானது எடையைப் பற்றியது. பசியும் கூடி, எடையும் இறங்கினால் சமையலறையை விட்டுவிட்டு முதலில் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். ஸ்டீராய்டு போன்ற சில மருந்துகள் பசியைத் தூண்டும். மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் பல பெண்களுக்குப் பசி கூடுவது இயல்பு. கர்ப்பமாக இருக்கும் வாய்ப்பையும் கேட்காமல் விடக்கூடாது.

இன்னொரு குழப்பமும் நம் ஊரில் சகஜம். நேரத்துக்குச் சாப்பிடாதவர்கள் "அல்சர்" என்று சொல்லிக்கொள்வது. மேல்வயிற்றில் எரிச்சலாகவோ கடிப்பது போலவோ இருக்கும், நாலு வாய் சாப்பிட்டால் அடங்கும், மீண்டும் வரும். இது பசி போலவே வேடமிடும் வலி. இரவு இரண்டு மணிக்கு எழுப்பிவிடுகிற "பசி" என்றால் இதைச் சந்தேகிக்கலாம். உண்மைப் பசிக்கு எரிச்சல் கிடையாது, எது கிடைத்தாலும் சாப்பிடலாம் போலிருக்கும்.

கடிதக்காரருக்கு எடை நிலையாக இருக்கிறது. தாகம் இல்லை, எரிச்சல் இல்லை, மாத்திரை எதுவும் சாப்பிடுவதில்லை. ஆனாலும் வெறும் வயிற்றுச் சர்க்கரை, ஹீமோகுளோபின், தைராய்டு மூன்றையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொல்லி, அவை சரியாக இருந்தால் மட்டும் செய்ய வேண்டியதை உணவியலாளர் எழுதுகிறார்.

"நீங்க எதையும் நிறுத்த வேண்டாம்மா" என்று தொடங்குகிறது அந்தப் பகுதி. நாலு இட்லி மூன்றாகிறது. கூட ஓர் அவித்த முட்டை, கரண்டி சாய்த்தால் மெதுவாக வழியும் அளவுக்குக் கெட்டியான சாம்பார் ஒரு கிண்ணம். காலைப் புரதம் எட்டரையிலிருந்து பதினாறு கிராமுக்கு ஏறிவிட்டது. பத்தரை மணி டீ இருக்கட்டும். பிஸ்கெட்டுக்குப் பதில் வீட்டிலிருந்தே அவித்து எடுத்துப்போன வேர்க்கடலை, காய்ந்த கணக்கில் 30 கிராம். அதில் 7 கிராம் புரதம், கூடவே கொழுப்பும் நார்ச்சத்தும். மதியச் சோறு 400-லிருந்து 300 கிராம். காலியான இடத்தில் கொள்ளோ காராமணியோ சுண்டல், உருளைக்கிழங்கு வறுவல் இருந்த மூலையில் கீரை. மாலைப் பன்னுக்குப் பதில் ஒரு கொய்யா. இரவு இரண்டு தோசை, காலையின் மிச்சச் சாம்பார். கூட்டினால் 1,650 கலோரிக்குக் கொஞ்சம் மேலே, முன்பைவிடக் குறைவுதான். புரதம் 58 கிராம். 9 விழுக்காடு 14 ஆகிறது. முட்டை சாப்பிடாத வீடாக இருந்தால் அந்த இடத்தில் முளைகட்டிய பச்சைப்பயறு வரும், அளவு இரண்டு கைப்பிடி.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற அவர் விடவில்லை. முதல் வாரம் காலை உணவு மட்டும். காரணம் எளிது: எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. சுண்டல் பழகாத வயிறு முதல் வாரத்தில் வாயு பிடித்துப் பொருமினால், பெண்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் கைவிட்டுவிடுவார்கள். பயறை இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் பொருமல் குறையும்.

ஒரு நோட்டும் கேட்கிறார். சாப்பிட்ட நேரம், என்ன சாப்பிட்டது, சாப்பிட எத்தனை நிமிடம் ஆனது, அடுத்த பசி எத்தனை மணிக்கு வந்தது என்று நாலே கட்டங்கள். மூன்றாவது கட்டம் வம்புக்காக வைத்ததல்ல. சாப்பாட்டு இடைவேளை அரைமணிதான். வரிசையில் நின்று கை கழுவி உட்காரும்போது பாதி போயிருக்கும். பத்து நிமிடத்தில் டப்பாவைக் காலி செய்தால், குடல் ஹார்மோன்கள் செய்தி அனுப்பத் தொடங்கும் முன்பே சாப்பாடு முடிந்திருக்கும். வேலை நேரத்தை உணவியலாளரால் மாற்ற முடியாது. சுண்டலையும் கீரையையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வரச் சொல்கிறார். காய்கறியும் புரதமும் முதலில், மாவுச்சத்து கடைசியில் என்று வரிசையை மாற்றியதாலேயே சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் கணிசமாகக் குறைந்ததை 2015-இல் நியூயார்க்கில் சர்க்கரை நோயாளிகள் 11 பேரிடம் பார்த்திருக்கிறார்கள். சர்க்கரை நோய் இல்லாதவருக்கு அதே அளவு பலன் இருக்கும் என்று சொல்ல முடியாது. செலவில்லாத மாற்றம், செய்து பார்ப்பதில் நட்டமில்லை.

கடிதத்தின் அடியில் ஒரு பின்குறிப்பு இருந்தது. "மேடம், எங்க பாட்டி மலை மேல இருந்தவங்க. அந்தக் காலத்துல சாமைச் சோறு சாப்பிட்டா சாயந்திரம் வரை பசிக்காதுன்னு சொல்வாங்க. அதுக்கு மாறிடலாமா?"

ஜவ்வாது மலையில் சாமை இன்றும் விளைகிறது. பாட்டி சொன்னதற்கு ஆதாரம் உண்டு. நூறு கிராம் சாமையில் சுமார் 10 கிராம் புரதமும் 7 கிராமுக்கு மேல் நார்ச்சத்தும் இருக்கின்றன. வெள்ளை அரிசியில் புரதம் 8, நார் 3 கிராமுக்கும் குறைவு. பாட்டி சாப்பிட்டது உரலில் குத்திப் புடைத்த சாமை, தவிடு பாதிக்கு மேல் அதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதோடு அவர் நாளெல்லாம் ஏர் பின்னால் நடந்தவர், பக்கத்தில் மொச்சையும் துவரையும் விளைவித்தவர். இன்று பாக்கெட்டில் பளிச்சென்று வெள்ளையாக வரும் சாமை, இயந்திரத்தில் தவிடு நீக்கிப் பாலிஷ் போட்டது. அதில் நாரும் புரதமும் கொஞ்சம் தவிட்டோடு போய்விட்டிருக்கும். வேகும் வேகமும் அரிசியை நெருங்கிவிடும். உணவியலாளரின் பதில் இப்படி முடிகிறது: "வாரத்துல ரெண்டு நாள் தாராளமா சாப்பிடுங்க. சந்தையில வாங்கும்போது வெள்ளையா இருக்கிறதை விட்டுட்டு, லேசா பழுப்பா, கையில எடுத்தா தவிடு ஒட்டுற சாமையாப் பார்த்து வாங்குங்க. அரைக் கிலோவுக்கு மேல வாங்காதீங்க. தவிட்டுல எண்ணெய் இருக்கிறதால சீக்கிரம் காறல் வாசனை வந்துடும். பாட்டி கிட்ட, அதுக்குத் தொட்டுக்க என்ன வச்சாங்கன்னும் கேட்டு எழுதுங்க."